இங்கே ஞாயிறு காலை, அங்கே சனி இரவு

"நவம்பர் 1 முதல் ஆன்லைன் வகுப்பு நேரம் மாற்றப்படுகிறது. இந்திய மாணவர்கள்: காலை 6.30. அமெரிக்க மாணவர்கள்: இரவு 8.00. பெற்றோர் ஒத்துழைக்கவும்."

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பாடம் எடுக்கும் டியூஷன் சென்டர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் அக்டோபர் கடைசியில் வரும் அறிவிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மார்ச்சில் இதேபோல் இன்னொன்று வரும். நாலு வரிதான், படித்தால் புரிந்த மாதிரியே இருக்கிறது. ஆனாலும் அனுப்பிய பத்தாவது நிமிஷம் கேள்விகள் தொடங்கிவிடும். "மிஸ், எங்களுக்கு சனிக்கிழமை நைட்டா, ஞாயித்துக்கிழமை நைட்டா?" என்று நியூஜெர்சியிலிருந்து ஓர் அம்மா கேட்பார். "எங்களுக்கு இப்பவே ஆறரைதானே சார், என்ன மாத்தியிருக்கீங்க?" என்று உள்ளூர் அப்பா கேட்பார். லண்டனில் இருப்பவர், தன் பிள்ளைக்கு இது பொருந்துமா என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிடுவார். அந்த ஞாயிறு சிலர் வகுப்புக்கு வரமாட்டார்கள், சிலர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து காத்திருப்பார்கள்.

இதற்குப் பெற்றோரின் கவனக்குறைவைக் காரணம் சொல்ல முடியாது. அறிவிப்பிலேயே மூன்று செய்திகள் இல்லை. எந்த ஊர்க் கடிகாரம் நிலையாக நிற்கிறது, மாற்றம் எந்த வகுப்பிலிருந்து தொடங்குகிறது, அங்கே அது என்ன கிழமை என்ற இந்த மூன்றையும் எழுதிவிட்டால் கேள்வி வராது. திருச்சியில் எட்டாம் வகுப்புக் கணக்கு எடுக்கும் ஒரு சென்டரை உதாரணமாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மாறுவது எந்தக் கடிகாரம்?

இந்தியாவில் கடிகாரத்தை யாரும் முன்னும் பின்னும் தள்ளுவதில்லை. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். கோடையில் மாலை வெளிச்சம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். லண்டனில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல் நீளும், குளிர்காலத்தில் எட்டு மணி நேரமாகச் சுருங்கும். அங்கெல்லாம் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பொருள் உண்டு. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். அதனால் நமக்கு இதன் தேவை இல்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் இலங்கையிலும் இந்த வழக்கம் இல்லை.

திருச்சி சென்டரில் ஞாயிறு காலை 6.30 வகுப்பில் உள்ளூர்ப் பிள்ளைகளும் நியூஜெர்சிப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காருகிறார்கள். கோடையில் நியூஜெர்சி நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஆகவே அங்கே அது சனி இரவு 9.00. நவம்பரில் கடிகாரம் பின்னே போனதும் இடைவெளி பத்தரை மணி நேரமாகிறது. திருச்சியில் அதே 6.30 என்றால் அங்கே சனி இரவு 8.00.

இதை மனக்கணக்காகப் போட எளிய வழி ஒன்று உண்டு. காலையை இரவாக மாற்றி, முந்தைய நாளுக்குப் போய், கோடையில் இரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஒன்றரை மணி நேரமும் கூட்டினால் போதும். ஞாயிறு காலை 6.30 முதலில் சனி மாலை 6.30 ஆகும். இரண்டரை கூட்டினால் இரவு 9.00, ஒன்றரை கூட்டினால் இரவு 8.00.

இந்த அரை மணி நேரம் எங்கிருந்து வந்தது? பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. இந்தியாவின் நேரம் மிர்சாப்பூர் அருகே செல்லும் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 82.5ஐ 15ஆல் வகுத்தால் ஐந்தரை. கிரீன்விச்சைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பது அதனால்தான். 1906இல் இந்த நேரம் நடைமுறைக்கு வரும் முன், சென்னை வானாய்வகத்தின் கணக்கில் ஓடிய மெட்ராஸ் நேரத்தை ரயில்வே பயன்படுத்தி வந்தது.

அறிவிப்பில் தவறு இருந்தால் கண்டுபிடிக்கவும் இந்த அரை மணி உதவும். இந்திய நேரம் 6.30 என்றால் நியூஜெர்சி, லண்டன், துபாய், சிங்கப்பூர், சிட்னி ஆகிய எந்த ஊரிலும் அது முழு மணியில்தான் முடிய வேண்டும். "இந்தியா காலை 6.30, நியூஜெர்சி இரவு 9.30" என்று யாராவது எழுதியிருந்தால், கணக்கே போட்டுப் பார்க்காமல் அது தவறு என்று சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு போன்ற சில ஊர்கள் இதற்கு விலக்கு.

யார் விட்டுக்கொடுப்பது?

இரண்டு கடிகாரங்களில் ஒன்று நகர்ந்துவிட்டால், வகுப்பு இரண்டுக்கும் பழைய நேரத்திலேயே இருக்க முடியாது. ஏதோ ஒரு பக்கம் மாறியே ஆக வேண்டும். அது எந்தப் பக்கம் என்பதைச் சென்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வானம் அதை முடிவு செய்துவிடாது.

திருச்சி நேரத்தை அசைக்காமல் வைத்தால் நியூஜெர்சிப் பிள்ளை 9.00க்குப் பதில் 8.00க்கு உட்கார வேண்டும். குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடுவதால் அந்த வீடுகளுக்கு இது வசதிதான். சனி மாலை நீச்சல், நடனம் என்று வேறு வகுப்பு இருந்தால் மட்டும் இடிக்கும். மாறாக, நியூஜெர்சியின் 9.00ஐ அப்படியே வைத்தால் திருச்சியில் வகுப்பு காலை 7.30க்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை அது பெரிய சிக்கல் இல்லை. அதே வகுப்பு வார நாளில் நடந்தால் நிலைமை வேறு. ஏழரைக்கு வகுப்பு தொடங்கினால் உள்ளூர்ப் பிள்ளை எட்டு மணிக்குப் பள்ளி வேனைப் பிடிக்க முடியாது.

அதனால் உள்ளூர்ப் பிள்ளைகளும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் கலந்திருக்கும் பேட்ச்களில் இந்திய நேரத்தை நிலையாக வைப்பதே பெரும்பாலும் வசதி. முழுக்க வெளிநாட்டுப் பிள்ளைகள் மட்டுமே இருக்கும் பேட்சில் அவர்கள் நேரத்தை நிலையாக வைத்து ஆசிரியர் மாறிக்கொள்ளலாம். ஆனால் ஆசிரியரின் நேரமும் கணக்கில் வர வேண்டும். லண்டன் பிள்ளைகளுக்குச் சனி பிற்பகல் 3.30 வகுப்பு என்றால் கோடையில் ஆசிரியருக்கு இரவு 8.00. லண்டன் நேரத்தை அப்படியே வைத்தால் குளிர்காலத்தில் அது இரவு 9.00 ஆகும், ஒன்றரை மணி நேர வகுப்பு முடியும்போது மணி பத்தரை. மறுநாள் காலை ஆறரைக்கு அதே ஆசிரியர்தான் நியூஜெர்சி பேட்சையும் எடுக்கிறார் என்றால் அது நியாயமான அட்டவணை இல்லை.

எந்த முடிவு எடுத்தாலும் அதை அறிவிப்பின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். "இந்திய நேரத்தில் மாற்றம் இல்லை, அமெரிக்க, லண்டன் மாணவர்களுக்கு மட்டும் மாற்றம்" என்ற ஒரு வரி இருந்தால் உள்ளூர்ப் பெற்றோரில் யாரும் கேள்வி கேட்க வேண்டியிருக்காது.

நவம்பர் 1 என்பது யாருடைய நவம்பர் 1?

அறிவிப்பில் மிகவும் ஏமாற்றும் இடம் இந்தத் தேதிதான். 2026இல் நவம்பர் முதல் ஞாயிறு 1ஆம் தேதி வருகிறது. நியூஜெர்சியில் அன்று அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 1 மணிக்குத் திரும்பும். அந்தக் கணத்தில் திருச்சியில் ஞாயிறு முற்பகல் 11.30 ஆகியிருக்கும்.

திருச்சியின் ஞாயிறு காலை 6.30 வகுப்பு அதற்கு ஐந்து மணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. நியூஜெர்சியில் அப்போது அக்டோபர் 31, சனிக்கிழமை இரவு. கடிகாரம் இன்னும் மாறவில்லை. ஆகவே நவம்பர் 1 வகுப்பு அங்கே பழையபடி இரவு 9.00க்குத்தான். புதிய 8.00 மணி தொடங்குவது அடுத்த வாரம், அதாவது அவர்களுக்கு நவம்பர் 7 சனி, நமக்கு நவம்பர் 8 ஞாயிறு. "நவம்பர் 1 முதல் இரவு 8.00" என்ற அறிவிப்பை நம்பிய பிள்ளை அக்டோபர் 31 அன்று ஒரு மணி நேரம் முன்பே லிங்கைத் திறந்து காத்திருக்கும். ஆசிரியர் ஏன் வரவில்லை என்று அம்மா மெசேஜ் அனுப்புவார். திருச்சியில் அப்போது காலை ஐந்தரை மணி.

அதே சென்டர் அதே நவம்பர் 1 ஞாயிறு இரவு 7.30க்கு இன்னொரு பேட்ச் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குள் நியூஜெர்சிக் கடிகாரம் மாறிவிட்டது. முந்தைய வாரம் அங்கே காலை 10.00க்கு நடந்த வகுப்பு அன்று காலை 9.00க்கே வந்துவிடும். ஒரே நாள், ஒரே சென்டர், ஆனால் காலை பேட்சுக்குப் பழைய நேரம், இரவு பேட்சுக்குப் புதிய நேரம். எனவே "இந்தத் தேதி முதல்" என்று பொதுவாக எழுதினால் போதாது. ஒவ்வொரு பேட்சுக்கும் புதிய நேரத்தில் நடக்கும் முதல் வகுப்பு எது என்று, இரு ஊர்த் தேதியோடும் எழுத வேண்டும்.

லண்டனும் நியூஜெர்சியும் ஒத்துப்போகாத வாரம்

அந்த ஞாயிறு இரவு 7.30 பேட்சில் லண்டன் பிள்ளைகளும் இருந்தால் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. பிரிட்டன் கடிகாரத்தைத் திருப்புவது அக்டோபர் கடைசி ஞாயிறு. 2026இல் அது 25ஆம் தேதி. அமெரிக்கா மாறுவது அதற்கு ஒரு வாரம் கழித்து. வழக்கமாக ஐந்து மணி நேரம் விலகி நிற்கும் லண்டனும் நியூஜெர்சியும் இடைப்பட்ட அந்த ஒரு வாரம் நான்கு மணி நேரமே விலகி நிற்கும்.

அக்டோபர் 18 வரை திருச்சி இரவு 7.30 என்றால் லண்டனில் பிற்பகல் 3.00, நியூஜெர்சியில் காலை 10.00. அக்டோபர் 25 அன்று லண்டனில் 2.00 ஆகிவிடும், நியூஜெர்சியில் இன்னும் 10.00தான். நவம்பர் 1 அன்று லண்டன் 2.00, நியூஜெர்சி 9.00. ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வெவ்வேறு வாரங்களில் மாற்றம் வருகிறது. "வெளிநாட்டு மாணவர்களுக்கு" என்று ஒரே வரியில் எழுதினால் இருவரில் ஒருவருக்காவது அது தவறாகத்தான் முடியும்.

"அமெரிக்க நேரம்" என்று ஒன்று கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. அந்நாட்டின் பெருநிலப்பரப்பிலேயே நான்கு நேர மண்டலங்கள் உள்ளன. அரிசோனாவின் ஃபீனிக்ஸில் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. திருச்சி காலை 6.30 அங்கே ஆண்டு முழுக்க முந்தைய நாள் மாலை 6.00தான். "அமெரிக்காவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக" என்று படித்த ஃபீனிக்ஸ் குடும்பம் மாறாத நேரத்தை மாற்றிக்கொண்டு வகுப்பைத் தவறவிடும். ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். சிட்னி அக்டோபரில் கடிகாரத்தை முன்னே தள்ளும், பிரிஸ்பேன் தள்ளாது. நாட்டின் பெயரை எழுதாமல் ஊரின் பெயரை எழுதுவதே பாதுகாப்பு.

மூன்றெழுத்துச் சுருக்கங்களும் உதவாது. நியூயார்க்கின் குளிர்கால நேரத்துக்கு EST என்று பெயர், கோடையில் அது EDT. பலர் ஆண்டு முழுக்க EST என்றே எழுதுகிறார்கள். ஜூலையில் "9.00 EST" என்று எழுதினால் அதை அப்படியே எடுத்துக்கொள்பவர் ஒரு மணி நேரம் தவறுவார். IST என்பது இந்தியாவுக்கு மட்டுமல்ல, இஸ்ரேல் நேரத்துக்கும் புழங்கும் சுருக்கம். "நியூயார்க் நேரம்", "லண்டன் நேரம்", "இந்திய நேரம்" என்று தமிழிலேயே எழுதினால் இந்தக் குழப்பம் எதுவும் வராது.

அந்த அறிவிப்பை எப்படி எழுதலாம்?

மேலே பார்த்ததையெல்லாம் சேர்த்தால் திருச்சி சென்டரின் அறிவிப்பு இப்படி அமையும்:

*எட்டாம் வகுப்பு கணக்கு: குளிர்கால நேரம்*
*(அறிவிப்புத் தேதி: 11 அக்டோபர் 2026. இதற்கு முந்தைய நேர அறிவிப்புகள் செல்லாது.)*

*இந்திய நேரத்தில் எந்த பேட்சுக்கும் மாற்றம் இல்லை. துபாய், சிங்கப்பூர், இலங்கை, ஃபீனிக்ஸ் மாணவர்களுக்கும் மாற்றம் இல்லை.*

*காலை பேட்ச். இந்தியா: ஞாயிறு காலை 6.30. நியூஜெர்சி: சனி இரவு 8.00 (இதுவரை 9.00). புதிய நேரத்தில் முதல் வகுப்பு: நியூஜெர்சியில் நவம்பர் 7 சனி, இந்தியாவில் நவம்பர் 8 ஞாயிறு. அக்டோபர் 31 சனி வகுப்பு பழையபடி இரவு 9.00க்கே.*

*இரவு பேட்ச். இந்தியா: ஞாயிறு இரவு 7.30. லண்டன்: ஞாயிறு பிற்பகல் 2.00 (இதுவரை 3.00), அக்டோபர் 25 முதல். நியூஜெர்சி: ஞாயிறு காலை 9.00 (இதுவரை 10.00), நவம்பர் 1 முதல்.*

*இந்த நேரம் 2027 மார்ச் மாதம் அந்தந்த ஊர்க் கடிகாரம் மாறும் வரை. வீட்டுப்பாடம் அனுப்பக் கடைசி நேரம்: வெள்ளி இரவு 11.59, இந்திய நேரம்.*

முன்பு பார்த்த நாலு வரியைவிட இது நீளம்தான். ஆனால் எந்தக் குடும்பமும் கணக்குப் போட வேண்டியதில்லை. தங்கள் ஊர் பெயரைத் தேடி அந்த வரியை மட்டும் படித்தால் போதும். பழைய நேரத்தை அடைப்புக்குறிக்குள் கொடுப்பதால், எது மாறியது என்பது பார்த்ததுமே தெரியும். அறிவிப்புத் தேதியும் அவசியம். வாட்ஸ்அப்பில் போன மார்ச் அறிவிப்பை யாராவது மறுபடி ஃபார்வர்டு செய்தால், தேதி இல்லாத இரண்டில் எது புதியது என்று யாருக்கும் தெரியாது.

கடைசி நேரத்தை இரவு 11.59 என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. "வெள்ளி இரவு 12 மணிக்குள்" என்றால், வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் பன்னிரண்டா, வெள்ளி முடியும் பன்னிரண்டா? நம் பேச்சு வழக்கில் விடியும் வரை முந்தைய நாள்தான். கைபேசிக் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்ததும் மறுநாள். ஒரு நிமிஷம் குறைத்து எழுதினால் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடும்.

லிங்கும் அறிவிப்பும் ஒன்றையே சொல்ல வேண்டும்

அறிவிப்பு சரியாக இருந்தும் பிள்ளைகள் தவறான நேரத்தில் வருவதற்கு இன்னொரு காரணம், காலண்டரில் பதிந்துவைத்த வகுப்பு. கூகுள் காலண்டரில் வாராந்தர வகுப்பைப் பதியும்போது அது ஒரு நேர மண்டலத்தோடு கட்டப்படுகிறது. இந்திய மண்டலமான Asia/Kolkata என்பதில் கட்டியிருந்தால், திருச்சியில் எப்போதும் 6.30 காட்டும், நியூஜெர்சிக் குடும்பத்தின் காலண்டரில் நவம்பரில் தானாகவே 9.00 என்பது 8.00 ஆகும். America/New_York என்பதில் கட்டியிருந்தால் நேர்மாறாக, அங்கே 9.00 நிலையாக நின்று, திருச்சியில் 6.30 என்பது 7.30 ஆகும்.

ஆகவே எந்த ஊர் நேரம் நிலையானது என்று முடிவு செய்கிறோமோ, அந்த ஊர் மண்டலத்திலேயே பேட்சின் பதிவும் இருக்க வேண்டும். அறிவிப்பு ஒன்று சொல்லி காலண்டர் வேறொன்று காட்டினால், நினைவூட்டல் மணி அடிக்கும் பக்கத்தைத்தான் பிள்ளைகள் நம்புவார்கள். சரிபார்க்க எளிய வழி, நியூஜெர்சிப் பெற்றோர் ஒருவரை அழைத்து, "நவம்பர் 7 அன்று உங்கள் காலண்டரில் வகுப்பு எத்தனை மணிக்குக் காட்டுகிறது?" என்று கேட்பது. 8.00 என்று பதில் வந்தால் காலை பேட்சின் பதிவு சரி. லண்டனிலும் இதேபோல் ஒருவரிடம், அக்டோபர் 25க்குக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மார்ச்சில் இந்த வேலை திரும்ப வரும், வரிசை மட்டும் மாறும். 2027இல் தற்போதைய விதிப்படி அமெரிக்கா முதலில் நகர்கிறது, மார்ச் 14 அன்று. பிரிட்டன் மார்ச் 28 அன்றுதான். இலையுதிர் காலத்தில் ஒரு வாரம் மட்டும் இருந்த பொருத்தமின்மை அப்போது இரண்டு வாரம் நீடிக்கும். காலை பேட்சுக்கு இங்கேயும் அதே கண்ணி உண்டு. மார்ச் 14 ஞாயிறு திருச்சி வகுப்பு நியூஜெர்சியில் மார்ச் 13 சனி இரவு 8.00தான். 9.00 மணி திரும்புவது அவர்களுக்கு மார்ச் 20 முதல். சென்டர் நடத்துபவர் இந்தத் தேதிகளை இப்போதே தன் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு, பிப்ரவரி கடைசி வாரத்தில் பெற்றோருக்கு அனுப்பிவிடலாம். மூன்று வாரம் முன்பே கையில் கிடைத்தால், சனி இரவு வேறு வகுப்பு வைத்திருக்கும் வீடுகளுக்கு அதை மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கும். முடியாதவர்கள் வேறு பேட்ச் கேட்கவும் நேரம் இருக்கும்.